வெள்ளி இரவு கூட்டிக்கொண்டு போனார்கள், இன்னும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை. என்ன செய்யலாம்?

கொழுந்துக்கூடை | சனி, இரவு 9.50

அட்டன் பக்கம் ஒரு தோட்டம். கோவில் திருவிழா முடிந்து நேற்று இரவு மேல் லயத்துப் பையன்களுக்கும் கீழ் லயத்துப் பையன்களுக்கும் சண்டை. எங்கள் அண்ணனும் அங்கே நின்றான். அடித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை. ஒருவருக்குத் தலையில் 6 தையல். இரவு 10.15க்கு ஜீப் வந்தது. "ஒரு வாக்குமூலம் எடுக்க வேண்டும், விடிந்தால் அனுப்பிவிடுவோம்" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். கைவிலங்கு போடவில்லை, அதட்டவுமில்லை.

இன்று காலை 7.30க்கு அம்மா சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோனார். வாங்கிக் கொடுத்தார்கள். எப்போது விடுவீர்கள் என்று கேட்டால் "பெரியவர் வரட்டும்" என்கிறார்கள். இப்போது இரவு பத்தாகப் போகிறது. 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாளை ஞாயிறு வேறு. யாராவது விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிக்கோயா ரவி | சனி, இரவு 10.05

சனி ஞாயிறு கணக்கில் வராது தம்பி. திங்கள்தான் கோர்ட். அதுவுமில்லாமல் இப்போது 24 இல்லை, 48 மணித்தியாலம் ஆக்கிவிட்டார்கள். சும்மா பதறாமல் இருங்கள். திங்கள் போனால் பிணை கொடுப்பார்கள்.

பழைய முதலியார் | சனி, இரவு 10.40

ரவி சொன்னதில் இரண்டும் பிழை. கோபிக்க வேண்டாம், நிறையப் பேர் நம்புகிற பிழைதான். நான் மலையக நீதிமன்றங்களில் 31 வருடம் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்தவன்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 36ஆம், 37ஆம் பிரிவுகளைப் பாருங்கள். பிடியாணை இல்லாமல் பிடித்தவரைத் தேவையில்லாத தாமதமின்றி நீதவான் முன்னால் நிறுத்த வேண்டும். எப்படிப் பார்த்தாலும் 24 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. கழிக்கக்கூடியது பிடித்த இடத்திலிருந்து நீதவானிடம் போகும் பயண நேரம் மட்டும்தான். சனி, ஞாயிறு, போயா எதுவும் கழிபடாது. அதற்காகத்தானே பதில் நீதவான் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள்? லீவு நாளில் அவருடைய வீட்டுக்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள். எத்தனையோ ஞாயிறு நானே போய் நின்றிருக்கிறேன்.

இந்த 24 மணித்தியாலம் ஏதோ பொலிஸுக்குக் கொடுத்த உரிமை போலப் பேசுகிறார்கள். அது உச்ச எல்லை. காலையிலேயே கொண்டுபோகக்கூடிய ஆளை எல்லை முடியும்வரை வைத்திருப்பதும் சரியில்லை.

48 என்கிற கதை 2013இல் வந்த ஒரு தற்காலிகச் சட்டத்தால் பரவியது. சில பாரதூரமான குற்றங்களுக்கு மட்டும், அதுவும் இரண்டு வருடத்துக்கு என்று கொண்டுவந்தார்கள். திருவிழாச் சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தம்பி, முதல் வேலையாக இப்போதே ஒரு தாளில் எழுதுங்கள். ஜீப் வந்த நேரம், வந்தவர்கள் எத்தனை பேர், யார் யார் பார்த்தார்கள், அம்மா சாப்பாடு கொடுத்த நேரம். ஏன் என்று நாளைக்குத் தெரியும்.

டிக்கோயா ரவி | சனி, இரவு 10.52

சரி ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வாக்குமூலத்துக்கு என்றுதானே கூட்டிப் போனார்கள்? கைது பண்ணவே இல்லையே. அப்புறம் எப்படி 24 ஓடும்?

கம்பளைக் கறுப்புக்கோட்டு | சனி, இரவு 11.20

அந்தக் கேள்வி நல்ல கேள்வி, பொலிஸும் அதைத்தான் சொல்லும். கைதா இல்லையா என்பதைக் கைவிலங்கை வைத்துப் பார்ப்பதில்லை. "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று எழுந்து நடந்தால் விடுவார்களா? விடமாட்டார்கள் என்றால் அது கைதுதான். 1989இல் அறிக்கையிடப்பட்ட நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவரை விசாரணைக்கு வா என்று கூட்டிப் போனார்கள். பலவந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் விரும்பிய இடத்துக்குப் போகும் சுதந்திரம் அங்கேயே பறிபோய்விட்டது, அரசியலமைப்பின் 13(1) மீறப்பட்டது என்று தீர்ப்பு.

அதனால் கணக்கு வெள்ளி 10.15க்கே தொடங்கிவிட்டது. அதே 13(1)தான் ஏன் பிடிக்கிறோம் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டக்கோவையின் 23ஆம் பிரிவிலும் இருக்கிறது. அண்ணனிடம் காரணம் சொன்னார்களா? அவருக்குப் புரிகிற மொழியில் சொன்னார்களா?

இன்னொன்று. சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் தன் கட்சிக்காரர் சார்பில் பேசலாம். 2012இல் வர்த்தமானியில் விதிகளே வந்திருக்கின்றன. இந்த நேரத்தில் ஒருவரைப் பிடிப்பது கஷ்டம்தான், ஆனால் விடியற்காலையில் யாரையாவது அனுப்பிப் பாருங்கள். அவர் போய் நின்றாலே பல விஷயம் வேகமாக நடக்கும்.

பதுளை அக்கா | ஞாயிறு, காலை 6.30

எங்கள் தம்பியையும் இப்படித்தான் பிடித்தார்கள். 7 நாள் பொலிஸிலேயே வைத்திருந்தார்கள். அப்புறம் பதுளை சிறையில் விளக்கமறியல், மாதக் கணக்காகப் பிணை இல்லை. 24 மணித்தியாலம் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கும்.

கம்பளைக் கறுப்புக்கோட்டு | ஞாயிறு, காலை 7.10

அக்கா, போதைப்பொருள் வழக்கா?

பதுளை அக்கா | ஞாயிறு, காலை 7.14

ஆமாம். ஐஸ்.

கம்பளைக் கறுப்புக்கோட்டு | ஞாயிறு, காலை 7.30

அது வேறு பாதை அக்கா. போதைப்பொருளுக்கென்று தனிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நீதவானிடம் காட்டி அவருடைய உத்தரவோடு 7 நாள்வரை தடுத்துவைத்து விசாரிக்க அதில் இடமுண்டு. பிணைக்கும் அதிலேயே தனி ஏற்பாடு இருக்கிறது, சில பிரிவுகளில் நீதவானுக்கு அதிகாரமே இல்லை, மேலே போய்த்தான் கேட்க வேண்டும். பிணைச் சட்டத்தின் 3ஆம் பிரிவே, வேறு சட்டத்தில் பிணைக்குத் தனி ஏற்பாடு இருந்தால் நான் அங்கே வரமாட்டேன் என்று ஒதுங்கிக்கொள்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கும் அப்படித்தான். அதனால் உங்கள் தம்பிக்கு நடந்ததை வைத்து இந்தப் பையனுக்கும் அப்படித்தான் என்று பயப்பட வேண்டாம். உங்கள் வழக்கில் குற்றப்பத்திரம் வந்துவிட்டதா, எத்தனை கிராம் என்று தனி இழை போடுங்கள், பேசலாம்.

கொழுந்துக்கூடை | ஞாயிறு, மாலை 3.20

காலை 10.30க்குப் பதில் நீதவான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் வாசலில் நின்றோம். புதன்வரை விளக்கமறியல்.

பயந்தது போலவே நடந்தது. சனி மத்தியானம் 12.15க்குச் சந்தியில் வைத்துக் கைது செய்ததாகப் பொலிஸ் எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் அண்ணன் உள்ளே, அம்மா கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டு முடித்திருப்பான். எங்கள் சித்தியின் போனில் வெள்ளி இரவு 10.22க்கு நான் போட்ட "அண்ணனைக் கூட்டிட்டுப் போறாங்க" என்ற மெசேஜ் அப்படியே இருக்கிறது.

இன்னும் ஒன்று. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் அண்ணனிடம் கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள். அவனுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்கத் தெரியாது.

நீதவான் ஏதோ கேட்டார், அண்ணன் தலையை ஆட்டினான். என்ன கேட்டார் என்று அவனுக்கே விளங்கவில்லையாம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பழைய முதலியார் | ஞாயிறு, மாலை 4.15

இதற்காகத்தான் எழுதி வைக்கச் சொன்னேன்.

கணக்கைப் பாருங்கள். பொலிஸ் எழுதியபடி சனி 12.15 முதல் ஞாயிறு 10.30 வரை 22 மணித்தியாலம் 15 நிமிடம். எல்லைக்குள் நிற்கிறது. உண்மைப்படி வெள்ளி 10.15 முதல் 36 மணித்தியாலம் 15 நிமிடம். மலைப்பாதைப் பயணத்துக்கு ஒரு மணித்தியாலம் கழித்தாலும் 35. அப்போது 11 மணித்தியாலம் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. சந்தியில் கைது என்ற ஒரு வரியில் அந்த 11 மணித்தியாலமும் காணாமல் போய்விடும்.

அந்த மெசேஜை அழிக்க வேண்டாம். படம் எடுத்தால் மட்டும் போதாது, போனையே பத்திரமாக வைத்திருங்கள். ஜீப் வந்த வழியில் கடையில் கமரா இருந்தால் முதலாளியிடம் இன்றே கேளுங்கள், அந்தப் பதிவுகள் சில நாளில் தானாக அழிந்துவிடும்.

நீதவான் முன்னால் நிற்கும் அந்த ஐந்து நிமிடம்தான் சந்தேகநபர் வாய் திறக்க வேண்டிய இடம். எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா, எங்கே வலிக்கிறது என்று சொன்னால் நீதவான் குறித்துக்கொள்வார், தேவையானால் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார். நம் பையன்கள் தலையைக் குனிந்து நிற்பார்கள். என் காலத்தில் நூறு பேர் இப்படி நின்று பார்த்திருக்கிறேன். பொலிஸ்காரர் பக்கத்தில் நிற்கும்போது பேச வராதுதான். புதன்கிழமை சட்டத்தரணி மூலமாகச் சொல்லலாம், காலம் தப்பவில்லை.

மஸ்கெலியா மழை | ஞாயிறு, மாலை 5.00

சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் செல்லாது. நம் பகுதியில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவு. தமிழில்தான் எழுத வேண்டும். கோர்ட்டில் அதைச் சொன்னால் வழக்கே தள்ளுபடி.

பழைய முதலியார் | ஞாயிறு, மாலை 5.40

அவ்வளவு சுலபமாக இருந்தால் நான் 31 வருடம் வேலை பார்த்திருக்க மாட்டேன்.

110ஆம் பிரிவு சொல்வது இதுதான்: எழுதிய வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுதிய மொழி விளங்காவிட்டால் விளங்குகிற மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தவும் சேர்க்கவும் அவருக்கு இடம் கொடுக்க வேண்டும். இது நடக்கவில்லை என்றால் அந்த வாக்குமூலத்தின் பெறுமதி குறையும். அதற்காக வழக்குப் போய்விடாது, காயப்பட்டவரின் சாட்சி இருக்கிறதே. பொலிஸிடம் "நான்தான் செய்தேன்" என்று சொன்னதாக எழுதியிருந்தாலும் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி அதை அவருக்கு எதிராகக் குற்ற ஒப்புதலாக நிரூபிக்க முடியாது. அதனால் அந்தக் கையொப்பத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம்தான். ஆனால் விளங்காதவருக்குத் தமிழில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், அது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்த உரிமை. புதன்கிழமை அண்ணன் "விளங்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். தலையாட்டினால் விளங்கியது என்று எழுதிவிடுவார்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். கையொப்பம் கேட்டால் பக்கத்தில் தமிழில் "சிங்களம் வாசிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டவில்லை" என்று எழுதிவிட்டு ஒப்பம் வையுங்கள். பின்னால் அது பேசும்.

கம்பளைக் கறுப்புக்கோட்டு | ஞாயிறு, மாலை 6.05

முதலியார் ஐயாவோடு இங்கே எனக்குக் கொஞ்சம் முரண். பெயர்த்துச் சொல்லாதவரை ஒப்பமே வைக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். குறிப்பு எழுதிய தாளை விட்டுவிட்டு வேறு தாள் நீட்டினால் என்ன செய்வது?

பழைய முதலியார் | ஞாயிறு, மாலை 6.20

இரவு 12 மணிக்குத் தனியாக இருக்கிற 22 வயதுப் பையனால் ஒப்பம் வைக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நான் நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். நீங்கள் சொல்வது சட்டப்படி சரி.

நானுஓயா நந்தன் | ஞாயிறு, இரவு 8.10

முன்பிணை எடுக்கலாமே? பிணைச் சட்டத்தில் 21ஆம் பிரிவோ ஏதோ இருக்கிறதே. எனக்கும் காணிச் சண்டையில் ஒருவர் முறைப்பாடு போட்டிருக்கிறார்.

கம்பளைக் கறுப்புக்கோட்டு | ஞாயிறு, இரவு 8.35

முன்பிணை பிடிப்பதற்கு முன்னால் கேட்பது. இவரைப் பிடித்தாகிவிட்டது, அந்தப் பேச்சு முடிந்தது. உங்களுக்கு வேண்டுமானால் பார்க்கலாம், ஆனால் பிணை வழங்க முடியாத குற்றம் ஒன்றுக்காகப் பிடிப்பார்கள் என்று நம்பக் காரணம் காட்டிச் சத்தியக்கடதாசி போட வேண்டும். வெறும் முறைப்பாட்டுக்கு அது தேவைப்படாது.

கொழுந்துக்கூடை, புதன் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பொலிஸ் பி அறிக்கை என்று ஒன்று போட்டிருக்கும். அதன் பிரதியைச் சட்டத்தரணி எடுக்க வேண்டும். எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரண காயம் என்றால் பிணை வழங்கத்தக்க குற்றம், பிணை உங்கள் உரிமை. பாரதூரமான காயம், ஆயுதம் என்று ஏற்றியிருந்தால் பேச்சு மாறும். 6 தையல் என்பதால் மட்டும் பாரதூரமான காயம் ஆகிவிடாது. எலும்பு உடைந்ததா என்பது போன்றவற்றை வைத்தியரின் அறிக்கை சொல்ல வேண்டும். அது வந்துவிட்டதா என்று கேளுங்கள்.

பிணை வழங்க முடியாத குற்றம் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது உரிமையாகக் கிடைக்காது, நீதவானின் தற்றுணிபில் கிடைக்கும் என்றுதான் அர்த்தம். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பது விதி, மறுப்பது விலக்கு என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. மறுப்பதென்றால் 14ஆம் பிரிவில் உள்ள காரணம் வேண்டும்: ஓடிவிடுவார், சாட்சிகளைக் குழப்புவார், பிணையில் இருந்துகொண்டு வேறு குற்றம் செய்வார், அல்லது குற்றத்தின் பாரதூரத்தால் ஊரில் குழப்பம் வரும். கொலை போல மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமென்றால் நீதவானால் முடியாது, மேல் நீதிமன்றம் போக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் பொலிஸ் இரண்டாவதையும் நான்காவதையும் பிடிக்கும். இரண்டு லயமும் ஒரே தோட்டம், விட்டால் மறுபடி அடித்துக்கொள்வார்கள் என்பார்கள். அதற்குப் பதில் தயாராக வையுங்கள். வழக்கு முடியும்வரை வேறு தோட்டத்தில் உறவினர் வீட்டில் இருக்க முடியுமா?

கொழுந்துக்கூடை | திங்கள், காலை 5.45

முடியும் அண்ணா. சித்தி கொட்டகலைப் பக்கம் இருக்கிறார். சட்டத்தரணி ஒருவரைப் பேசியாயிற்று. கட்டணத்துக்கு அம்மா சீட்டுக் காசை எடுத்திருக்கிறார்.

பதுளை அக்கா | திங்கள், காலை 6.20

காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம் தம்பி. பல நீதிமன்ற வளாகத்திலேயே அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. நாங்கள் அது தெரியாமல் இருந்த காணியை ஈடு வைத்தோம்.

கொழுந்துக்கூடை | புதன், மாலை 4.50

பிணை கிடைத்தது. ஆனால் அண்ணன் வரவில்லை.

சட்டத்தரணி நன்றாகப் பேசினார். எலும்பு முறிவு இல்லை என்று வைத்திய அறிக்கை. கைது நேரத்தையும் சொன்னார், நீதவான் குறித்துக்கொண்டு பொலிஸாரிடம் விளக்கம் கேட்டார். 25,000 ரூபா காசுப் பிணை, தலா 2 இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணை. அதில் ஒருவர் அரச ஊழியராக இருக்க வேண்டும். மாதத்தில் கடைசி ஞாயிறு பொலிஸில் கையெழுத்து.

25,000 எப்படியோ கட்டிவிட்டோம். 2 இலட்சத்துக்கு நாங்கள் எங்கே போவது? அரச ஊழியர் எங்கள் லயத்தில் யார் இருக்கிறார்கள்? பிணையாளியின் கிராம சேவகர் சான்றிதழில் பிரதேச செயலாளரின் ஒப்பமும் வேண்டுமாம். மாமா தயார். ஆனால் கிராம சேவகர் இன்று கூட்டத்துக்குப் போய்விட்டார். 4 மணிக்குச் சிறை பஸ் புறப்பட்டது. ஜன்னல் கம்பி வழியே அண்ணன் அம்மாவைப் பார்த்துக் கை காட்டினான், அதோடு போய்விட்டது.

டிக்கோயா ரவி | புதன், மாலை 5.05

வாசலில் பிணைக்கு நிற்கிறவர்கள் இருப்பார்களே, பத்தாயிரம் கொடுத்தால் அரச ஊழியரோடு வருவார்கள். என் மச்சானுக்கு அப்படித்தான் எடுத்தோம்.

பழைய முதலியார் | புதன், மாலை 5.30

ரவி, இதை இனி யாருக்கும் சொல்லாதீர்கள். போலிச் சான்றிதழ் என்று பிடிபட்டால் கையெழுத்திட்டவர் உள்ளே போவார், பிணையும் ரத்தாகும், எடுத்தவருக்கும் தனி வழக்கு வரும். என் கண் முன்னால் நடந்திருக்கிறது.

தம்பி, முதலில் ஒரு விஷயம். சரீரப் பிணையில் 2 இலட்சத்தை யாரும் இப்போது கட்ட வேண்டியதில்லை. அண்ணன் தவணைக்கு வராமல் போனால்தான் அந்தத் தொகை பிணையாளியின் தலையில் விழும். இது தெரியாமல் நம் ஆட்கள் காதில் கிடப்பதை அடகு வைக்க ஓடுகிறார்கள். கட்டியது அந்த 25,000 மட்டும்தான், அதுவும் வைப்பு. வழக்கு முடிந்தால் திரும்பக் கிடைக்கும். அந்தப் பற்றுச்சீட்டு தொலைந்தால் பெரிய அலைச்சல், பத்திரம்.

கம்பளைக் கறுப்புக்கோட்டு | புதன், இரவு 7.45

நிபந்தனையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். தவணைத் திகதிவரை காத்திருக்க வேண்டியதில்லை, நாளைக்கே மோஷன் போட்டு வழக்கை அழைப்பிக்கச் சொல்லுங்கள். பிணைத் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. குடும்பத்தில் யாருமே அரச ஊழியர் இல்லாதபோது அரச ஊழியரைக் கேட்பது பிணையைக் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டுவது போல. ஆனால் வெறுமனே "முடியவில்லை ஐயா" என்று நிற்கக் கூடாது. பதிலுக்கு என்ன தருகிறோம் என்று காட்ட வேண்டும். மாமா தோட்டத்தில் எத்தனை வருடம் வேலை? சம்பளச் சீட்டு இருக்கிறதா? தோட்ட நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்க முடியுமா? லயத்துக்கு உறுதி இல்லை, காணி இல்லை, ஆனால் 20 வருடமாக ஒரே இடத்தில் சம்பளம் வாங்குகிற ஆள் ஓடிப்போக மாட்டார் என்பதைத் தாளில் காட்டினால் பல நீதவான்கள் ஏற்பார்கள். ஏற்காவிட்டால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்கு நாள் எடுக்கும், செலவும் உண்டு.

சித்தி என்ன வேலை?

கொழுந்துக்கூடை | புதன், இரவு 8.00

தையல் கடை. சொந்தக் கடை இல்லை, வாடகைக்கு. பிசினஸ் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கிறது. மாமா 23 வருடம், சம்பளச் சீட்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார்.

கம்பளைக் கறுப்புக்கோட்டு | புதன், இரவு 8.04

அந்த டின்னை அப்படியே கொண்டுபோங்கள்.

மஸ்கெலியா மழை | வியாழன், காலை 7.00

வெளியே வந்த கையோடு பொலிஸ் மேல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட வேண்டும். விடவே கூடாது. 11 மணித்தியாலம் சும்மாவா?

கம்பளைக் கறுப்புக்கோட்டு | வியாழன், காலை 8.20

போடலாம், ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதம் அநேகரை ஏமாற்றிவிடும், பிணைக்கு அலைந்து முடிப்பதற்குள் போய்விடும். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது என்று காட்ட வேண்டி வரும், முறைப்பாட்டுத் துண்டை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஆணைக்குழுவுக்குக் கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

போடுவதா வேண்டாமா என்பது குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. மாதா மாதம் அதே நிலையத்தில்தான் அண்ணன் கையெழுத்துப் போடப் போகிறார்.

மஸ்கெலியா மழை | வியாழன், காலை 8.31

இப்படிப் பயந்து பயந்துதான் நாம் இந்த நிலையில் இருக்கிறோம்.

பழைய முதலியார் | வியாழன், காலை 9.00

வேறு தோட்டத்தில் இருந்துகொண்டு அவர்களைப் போடச் சொல்வது சுலபம் தம்பி.

கொழுந்துக்கூடை | வெள்ளி, இரவு 9.30

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். இல்லை, சித்தி வீட்டுக்கு.

நேற்றே மோஷன் போட்டு இன்று காலை அழைத்தார்கள். அரச ஊழியர் நிபந்தனையை எடுத்துவிட்டு, தொகையை 1 இலட்சமாகக் குறைத்தார் நீதவான். பிஸ்கட் டின்னைச் சட்டத்தரணி மேசையில் வைத்தபோது கோர்ட்டில் சிரித்தார்கள், ஆனால் நீதவான் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். தோட்டத்துக் கடிதம் கேட்ட அன்றே தந்தார்கள், நான் எதிர்பார்க்கவில்லை. இன்று மொழிபெயர்ப்பாளர் இருந்தார், அண்ணனும் விளங்கவில்லை என்று இரண்டு தடவை சொன்னானாம்.

மாமாவும் சித்தியும் 2 மணிக்குக் கையெழுத்துப் போட்டார்கள். கட்டளை சிறைக்குப் போய், 6 மணிக்கு விட்டார்கள். உரிமை வழக்கு பற்றி அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார், அண்ணன் போடுவோம் என்கிறான். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

ஒரு சந்தேகம். சித்தி அடுத்த மாதம் குவைத்துக்குப் போவதற்குப் பதிந்திருக்கிறார். பிணைக்குக் கையெழுத்துப் போட்டவர் வெளிநாடு போகலாமா?

கம்பளைக் கறுப்புக்கோட்டு | வெள்ளி, இரவு 10.10

அண்ணன் நீதிமன்ற அனுமதி இல்லாமல் போகக் கூடாது. சித்திக்குத் தடை உத்தரவு எதுவும் இருக்காது, ஆனால் சொல்லாமல் போனால், நாளைக்கு அண்ணன் ஒரு தவணையைத் தவறவிட்டால் சித்திக்கு அழைப்பு வரும், அவர் இங்கே இருக்க மாட்டார். போவதற்கு முன் நீதிமன்றத்தில் சொல்லித் தன்னை விடுவித்துக்கொண்டு வேறொருவரை வைக்க வேண்டும். அன்றைக்கு அண்ணனும் கூட நிற்க வேண்டும், மாற்று ஆளும் தாள்களோடு தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று மாலை மறுபடியும் அந்த பஸ்தான்.

கொழுந்துக்கூடை | வெள்ளி, இரவு 10.25

கிராம சேவகரை நாளைக்கே பார்க்கிறேன்.